ஒரே பாடம், இரண்டு நோட்டு: மாணவர்களுக்குக் குறிப்பெடுக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி

ஒன்பதாம் வகுப்பில் தாவரத் திசுக்கள் பாடம் முடிந்த மறுவாரம், "கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா: வேறுபடுத்துக" என்று ஒரு கேள்வி கொடுத்தேன். வகுப்பிலேயே சுத்தமான நோட்டு வைத்திருக்கும் மாணவி ஒருத்தி முதலில் கோலன்கைமா பற்றி 8 வரி எழுதினாள். அதற்குக் கீழே ஸ்கிளிரன்கைமா பற்றி 8 வரி. ஒரு பிழை இல்லை. ஆனால் வேறுபாடு என்று ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் அழைத்து, "இதுல எது உயிருள்ள செல்?" என்று கேட்டதும் சட்டென்று சரியாகச் சொன்னாள். தெரிந்திருக்கிறது, எழுதத்தான் வரவில்லை.

அவள் நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. கோலன்கைமா ஒரு பக்கத்தில் இருந்தது, ஸ்கிளிரன்கைமா அடுத்த பக்கத்தில் இருந்தது. நோட்டில் எப்படி இருந்ததோ அப்படியே மனதில் ஏறி, அப்படியே விடைத்தாளில் இறங்கியிருக்கிறது. அந்த நோட்ஸைச் சொல்லி எழுத வைத்தது நான்தான்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். குறிப்பெடுக்கும் முறைகள் பல உண்டு. நான் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கார்னெல் முறை, கட்டக் குறிப்பு. பள்ளி மாணவர்களுக்கு இந்த இரண்டும் கைவந்தால் பெரும்பாலான பாடங்களுக்குப் போதும் என்பது என் அனுபவம்.

## வரிசைக் குறிப்பு எங்கே கைவிடுகிறது

ஆசிரியர் பேசப் பேச மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போவதுதான் வரிசைக் குறிப்பு. நம் பிள்ளைகள் பழகியது இது ஒன்றைத்தான். இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதல் சிக்கல் வேகம். ஒருவர் இயல்பாகப் பேசும்போது நொடிக்கு 2 அல்லது 3 சொற்கள் வரும். கையால் எழுதுபவர் நொடிக்கு அரைச் சொல்லைக்கூடத் தாண்டுவதில்லை. எல்லாவற்றையும் எழுத முயலும் மாணவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று வாக்கியங்களைத் தவறவிடுகிறார். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் கென்னத் கீவ்ரா பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். விரிவுரையில் வரும் முக்கியமான கருத்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டும் விஷயம். அவர் சொல்வது கல்லூரி மாணவர்களை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைவிட அதிகம் எதிர்பார்க்க முடியாது.

நாம் சொல்லி எழுத வைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்தான், எல்லாம் நோட்டில் வந்துவிடும். ஆனால் எதை எழுதுவது, எதை விடுவது என்ற முடிவை மாணவர் ஒருமுறைகூட எடுத்திருக்க மாட்டார். காதில் விழுந்தது கை வழியாகத் தாளுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கல் தூரம். ஒப்பிட வேண்டிய இரண்டு தகவல்கள் வரிசைக் குறிப்பில் பக்கத்துப் பக்கத்தில் வருவதில்லை. அதே பாடத்தில் வரும் இன்னொரு திசு பாரன்கைமா. அதன் செல்சுவர் மெல்லியது என்பது 2-ஆவது வரியில் இருக்கும். ஸ்கிளிரன்கைமாவின் செல்சுவர் தடித்தது என்பது 23-ஆவது வரியில் இருக்கும். நடுவே 20 வரிகள். படிக்கிற பிள்ளை ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறது. இரண்டுக்கும் உள்ள உறவு நோட்டில் எங்கேயும் எழுதப்படவே இல்லை.

கீவ்ராவும் உடன் பணியாற்றியவர்களும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையொட்டியது. ஒரே விரிவுரைக்கான குறிப்பை முழு உரையாகவும், தலைப்பு - துணைத்தலைப்பு என்ற வரிசையாகவும், அட்டவணைபோல் கட்டமாகவும் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். நினைவிலிருந்து எழுதுவதில் வரிசையும் கட்டமும் முழு உரையை முந்தின. படித்ததைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்க்கச் சொன்னபோது கட்டத்தில் படித்தவர்கள் தேறினார்கள்.

இதனால் வரிசைக் குறிப்பே கூடாது என்று ஆகிவிடாது. வகுப்பு நடக்கும்போது கை வேகமாக ஓட வேண்டும், அதற்கு வரிசைதான் சரி. அமைப்பு கொடுப்பது அதற்கு அடுத்த வேலை. கேட்டுக்கொண்டே கட்டமும் போடச் சொன்னால் பிள்ளைகள் இரண்டையும் கோட்டை விடுவார்கள். முதல் ஆண்டு நான் செய்த தவறு இதுதான்.

## படி 1: குறைத்து எழுதப் பழக்குவது

எந்த முறைக்குப் போவதற்கும் முன்னால் இது வேண்டும். கீழே இருப்பது நான் முன்பு சொல்லி எழுத வைத்த நோட்ஸில் ஒரு பகுதி:

> கோலன்கைமா என்பது உயிருள்ள செல்களால் ஆன ஒரு எளிய திசு ஆகும். இதன் செல்சுவர் மூலைகளில் செல்லுலோஸ் மற்றும் பெக்டினால் தடிப்புற்றுக் காணப்படுகிறது. இத்திசு இலைக்காம்புகளிலும் இளம் தண்டுகளிலும் புறத்தோலுக்குக் கீழே காணப்படுகிறது. இது தாவர உறுப்புகள் ஒடியாமல் வளைவதற்கு உதவுகிறது.

இதில் 'ஆகும்', 'காணப்படுகிறது', 'உதவுகிறது' ஆகியவற்றில் தகவல் எதுவும் இல்லை. தமிழுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வினைச்சொல் இல்லாமலே வாக்கியம் நிற்கும். 'செல்சுவர் மெல்லியது' என்பது முழு வாக்கியம். அதனால் என் முதல் விதி, வாக்கியத்தின் வாலை வெட்டுங்கள் என்பது. 'என அழைக்கப்படுகிறது' என்று வந்தால் சமக்குறி போடுங்கள். 'இதன் காரணமாக', 'இதனால்' என்றெல்லாம் வந்தால் ஓர் அம்புக்குறி.

ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சொல்லின் நடுவில் உயிரெழுத்துகளை விட்டுவிட்டுச் சுருக்குவார்கள். தமிழில் உயிர் மெய்யோடு ஒட்டியிருப்பதால் அந்த வழி உதவாது. நமக்குச் சரிப்பட்டு வருவது தலையெழுத்துச் சுருக்கம்தான். செல்சுவருக்கு 'செ.சு.', ஒளிச்சேர்க்கைக்கு 'ஒ.சே.'. ஒரு பாடத்துக்கு 5 சுருக்கம் போதும், அதற்கு மேல் போனால் அவர்களுக்கே மறந்துவிடும். அந்த ஐந்தையும் பக்கத்தின் மேலே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அதே பகுதி, குறைத்த பிறகு:

> கோலன்கைமா: உயிருள்ளது, எளிய திசு
> செ.சு. மூலையில் மட்டும் தடிப்பு (செல்லுலோஸ், பெக்டின்)
> இலைக்காம்பு, இளம் தண்டு, புறத்தோலுக்குக் கீழே
> → ஒடியாமல் வளையும்

'மூலையில் மட்டும்' என்பதில் 'மட்டும்' நான் சொல்லாதது. குறைக்கும்போது ஒரு மாணவர் தானாகச் சேர்த்தது. பாடத்தின் முக்கியமான வேறுபாடு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

பயிற்சிக்கு அரைப் பாடவேளை போதும். கரும்பலகையில் ஒரு பத்தியை எழுதி, எந்தச் சொல்லை அடிக்கலாம் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். அடித்தால் பொருள் மாறிவிடும் சொல்லை யாராவது அடிக்கச் சொல்வார்கள், 'இளம் தண்டு' என்பதில் 'இளம்' போல. அங்கே நின்று ஏன் கூடாது என்று பேசுங்கள். பயிற்சியின் பயன் முழுக்க அந்த இடத்தில்தான்.

## படி 2: கார்னெல் பக்கம்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்டர் பாக் வகுத்த முறை இது. 1962-ல் வந்த அவருடைய புத்தகத்தின் வழியாகப் பரவியது. பக்கத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். வலப்பக்கம் அகலமான பகுதி, வகுப்பில் எழுதுவதற்கு. இடப்பக்கம் குறுகலான பத்தி, பிறகு கேள்வி எழுதுவதற்கு. அடியில் சுருக்கத்துக்குக் கொஞ்சம் இடம். அவர் சொன்ன அளவு இடப்பக்கம் இரண்டரை அங்குலம், அடியில் 2 அங்குலம். நம் லாங் சைஸ் நோட்டு அவர் கணக்கில் வைத்த தாளைவிட ஒடுக்கமானது. அதனால் இடப்பக்கம் 5 சென்டிமீட்டர், அடியில் 5 கோடுகள் என்று வைத்துக்கொண்டேன். நோட்டில் ஏற்கெனவே இருக்கும் மார்ஜின் கோடு போதாது. அதில் ஒரு கேள்வி அடங்காது.

வலப்பக்கத்தில், படி 1-ல் பழகியபடி குறைத்து எழுதட்டும். இடப்பக்கத்தை வகுப்பில் தொடவே கூடாது. அன்று மாலையோ, அடுத்த நாள் வகுப்பின் முதல் 5 நிமிடத்திலோ, வலப்பக்கத்தில் உள்ள விடைகளுக்கு உரிய கேள்விகளை இடப்பக்கத்தில் எழுத வேண்டும்.

இந்த முறை பெரும்பாலும் இங்கேதான் பழுதாகிறது. பிள்ளைகள் இடப்பக்கத்தில் தலைப்பு எழுதுவார்கள்: 'கோலன்கைமா', 'செல்சுவர்', 'பணி' என்று. தலைப்பைப் பார்த்து யாரும் தன்னைச் சோதித்துக்கொள்ள முடியாது. 'செல்சுவர்' என்று பார்த்ததும் "ஆமா, தெரியும்" என்று தோன்றும், அடுத்ததற்குப் போய்விடுவார்கள். 'இலைக்காம்பு காற்றில் ஒடியாமல் வளைவது எதனால்?' என்று எழுதியிருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதனால் என் விதி எளிமையானது: இடப்பக்கத்தில் வரும் ஒவ்வொன்றும் கேள்விக்குறியில் முடிய வேண்டும், அதில் பாதியாவது 'ஏன்', 'எப்படி', 'எதனால்' என்று இருக்க வேண்டும்.

அப்புறம், வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடிவிட்டு, இடப்பக்கக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பார்ப்பது. பலர் இதைச் செய்வதே இல்லை. இது இல்லாவிட்டால் கார்னெல் பக்கம் என்பது கோடு போட்ட பக்கம், அவ்வளவுதான். 2013-ல் ஜான் டன்லாஸ்கியும் சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் அதில் மேல்வரிசையில் நின்றன. திரும்ப வாசிப்பதும் கோடிடுவதும் கடைசி வரிசையில் இருந்தன. மூடிச் சொல்வதை அன்று மாலை ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை என்று செய்யச் சொல்கிறேன். பதில் வராத கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. மூன்றாவது முறை புள்ளி வைத்த கேள்விகள் மட்டும் போதும்.

அடியில் உள்ள 5 கோடுகளுக்கு, "இந்தப் பக்கத்தை வகுப்புக்கு வராத நண்பனுக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்" என்பேன். 'சுருக்கம் எழுது' என்றால் முதல் வரியைக் காப்பி அடித்துவிடுவார்கள்.

## படி 3: கட்டக் குறிப்பு

'வேறுபடுத்துக' கேள்வி இங்கே சரியாகிறது. ஒப்பிட வேண்டிய பொருள்களை மேலே எழுத வேண்டும். எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாகக் கேட்கக்கூடிய கேள்விகளை இடப்பக்கம் எழுத வேண்டும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் விடை வரும்.

கடினமான பகுதி இடப்பக்கத்துக் கேள்விகளைக் கண்டுபிடிப்பது. அதற்கு ஒரு வழி உண்டு. வகுப்பில் எடுத்த வரிசைக் குறிப்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் "இந்த வரி எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று எழுதச் சொல்லுங்கள். 'உயிருள்ளது' என்பதற்கு 'உயிர் உண்டா?'. 'செ.சு. மூலையில் மட்டும் தடிப்பு' என்பதற்கு 'சுவர் எப்படி?'. மூன்று திசுக்களுக்கும் இப்படி எழுதியதும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தக் கேள்விகள்தான் கட்டத்தின் வரிசைகள். ஒரே ஒருமுறை வரும் கேள்விக்கு வரிசை வேண்டாம். அதைக் கட்டத்துக்குக் கீழே தனியாக ஒரு வரியில் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் வகுப்பில் வந்த கட்டம் இது:

| | பாரன்கைமா | கோலன்கைமா | ஸ்கிளிரன்கைமா |
|---|---|---|---|
| உயிர் உண்டா? | உண்டு | உண்டு | முதிர்ந்தபின் இல்லை |
| சுவர் எப்படி? | மெல்லியது | மூலையில் மட்டும் தடிப்பு | முழுவதும் தடிப்பு |
| சுவரில் என்ன? | செல்லுலோஸ் | செல்லுலோஸ், பெக்டின் | லிக்னின் |
| செல் இடைவெளி? | உண்டு | மிகக் குறைவு | இல்லை |
| என்ன வேலை? | சேமிப்பு, ஒளிச்சேர்க்கை | வளையும் உறுதி | வளையாத உறுதி |
| எங்கே பார்க்கலாம்? | உருளைக்கிழங்கு | இலைக்காம்பு | தேங்காய் நார், கொய்யாவில் கடிபடும் துகள் |

ஒரு கட்டத்தில் 5 சொற்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் பழைய பத்தியை அப்படியே கட்டத்துக்குள் அடைத்துவிடுவார்கள்.

கட்டம் போட்டு முடித்தால் வேலை பாதிதான் முடிந்தது. மீதி, அதை மூன்று விதமாக வாசிப்பது. மேலிருந்து கீழாக வாசித்தால் 'விளக்குக' கேள்விக்கு விடை. இடமிருந்து வலமாக வாசித்தால் 'வேறுபடுத்துக' கேள்விக்கு விடை. மூன்றாவது, இரண்டு வரிசைகளைச் சேர்த்து வாசிப்பது. 'சுவர் எப்படி' என்ற வரிசையையும் 'என்ன வேலை' என்ற வரிசையையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சுவர் தடிக்கத் தடிக்க வேலை சேமிப்பிலிருந்து தாங்குவதற்கு மாறுகிறது. 'செல் இடைவெளி' வரிசையையும் சேர்த்தால், சுவர் தடிக்கும்போது இடைவெளி குறைவதும் தெரிகிறது. புத்தகத்தில் இந்த வாக்கியம் ஒரே இடத்தில் இப்படி எழுதப்பட்டிருக்காது, கட்டத்தைப் பார்க்கிறவர் தானே சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் 'நான் கண்ட ஒழுங்கு' என்று ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறேன். நான் மதிப்பெண் போடுவது அந்த வாக்கியத்துக்கு.

காலிக் கட்டமும் ஒரு தகவல்தான். வரிசைக் குறிப்பில் விட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது, கட்டத்தில் உடனே தெரியும். முதல் முறை போட்டபோது, கோலன்கைமாவின் செல் இடைவெளி பலருடைய கட்டத்தில் காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், நான் அதை வகுப்பில் சொல்லவே இல்லை.

## எந்தப் பாடத்துக்கு எது

எல்லாவற்றையும் கட்டத்தில் போடும் ஆர்வம் சிலருக்கு வந்துவிடும். அதனால் இந்தப் பகுதியைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரே வகையில் பல பொருள்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கேள்விகள் என்றால் கட்டம். உயிரியலில் நிறைய, புவியியலில் மண் வகைகள், வேதியியலில் பிணைப்பு வகைகள். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது என்றால் அம்புக்குறிச் சங்கிலி. செரிமானப் பாதையைக் கட்டத்தில் போட்டால் வரிசை தொலைந்துவிடும். ஒன்றின் கீழ் ஒன்றாக வகைப்படுத்துவது என்றால் கிளைப்படம். திசுக்கள் பாடத்திலேயே ஆக்குத்திசு, நிலைத்திசு, அதன் கீழே எளிய திசு, கூட்டுத்திசு என்று ஒரு கிளைப்படம் போட்டு, அதில் எளிய திசுவுக்குக் கீழே மேற்சொன்ன கட்டத்தை வைக்கலாம்.

கணக்குக்கு வரிசைக் குறிப்பே சிறந்தது. படிகள் வரிசையாகத்தான் இருக்க வேண்டும். கார்னெல் இடப்பக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் 'ஏன் இப்படிச் செய்தோம்?' என்று மட்டும் சேர்த்தால் போதும்.

மனவரைபடம் பற்றியும் கேட்பார்கள். புதிய கட்டுரைக்கு யோசனை திரட்ட நல்லது. பாடக் குறிப்புக்கு எனக்கு அது திருப்தியாக இல்லை. நடுவிலிருந்து பிரியும் கோடுகள் இரண்டு கருத்துகளுக்குத் தொடர்பு உண்டு என்று காட்டும், என்ன தொடர்பு என்று சொல்லாது. போட விரும்பினால் ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு வினைச்சொல் எழுதச் சொல்லுங்கள்: 'தாங்குகிறது', 'சேமிக்கிறது' என்று.

## படி 4: வகுப்பில் நான்கு வாரம்

முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு "இனி இப்படி எழுதுங்க" என்றால் இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும். கைத்தாங்கலைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும்.

முதல் வாரம், கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பாதி வழக்கமான பலகை. வலப்பாதி ஒரு மாணவரின் நோட்டு. பாடம் நடத்தும்போது நீங்களே அந்த நோட்டில் எழுதுங்கள், எழுதும்போது வாயால் யோசியுங்கள்: "இதை நான் முன்னமே எழுதிட்டேன், வேண்டாம்... இது உதாரணம், ஒன்று போதும்... இது புதுசு, எழுதிக்கிறேன்." பிள்ளைகள் பார்க்காதது இந்த யோசனையைத்தான். வேகமாக ஓடும் கை அவர்களுக்குத் தெரியும், எதை விடுவது என்ற முடிவு தெரியாது.

இரண்டாம் வாரம், பாதி நிரப்பிய தாள். மேல்தலைப்பும் இடப்பக்கக் கேள்விகளும் அச்சிட்டிருக்கும், கட்டங்கள் காலி. நகலெடுக்க வசதி இல்லையென்றால் பலகையில் எழுதி நோட்டில் கோடு போடச் சொல்லலாம், 4 நிமிடம் ஆகும். மூன்றாம் வாரம் மேல்தலைப்பு மட்டும் கொடுத்து, கேள்விகளை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நான்காம் வாரம் வெறும் தாள். இந்தப் பாடத்துக்குக் கட்டமா, சங்கிலியா, கிளைப்படமா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

இந்த நான்கு வாரமும் பேச்சில் இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஒன்று, அமைப்பை வாயால் சொல்வது. "எளிய திசு மூணு வகை. ஒவ்வொண்ணுக்கும் நாலு விஷயம் பார்க்கப் போறோம்: உயிர், சுவர், இடைவெளி, வேலை" என்று தொடங்கி, மாறும்போது "இப்ப ரெண்டாவது வகை, முதல் விஷயம்" என்று சொல்லிக்கொண்டே போவது. கேட்கும் பிள்ளைக்கு எந்தத் தகவல் எந்தக் கட்டத்துக்கு என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, நிறுத்துவது. 1987-ல் ரூல், ஹ்யூஸ், ஷ்லாஸ் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வில், 45 நிமிட வகுப்பை 2 நிமிடம் வீதம் மூன்று முறை நிறுத்தி, மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு குறிப்பைச் சரிபார்க்க வைத்தார்கள். ஆசிரியர் அந்த நேரத்தில் எதுவும் பேசவில்லை. நிறுத்தாத வகுப்பைவிட நிறுத்திய வகுப்புக்கு அதிகம் நினைவில் நின்றது. எனக்கு 40 நிமிடப் பாடவேளை என்பதால் இரண்டு முறைதான் நிறுத்த முடிகிறது. நிறுத்தும்போது ஒரே ஒரு வேலை கொடுங்கள்: "பக்கத்து நோட்டில் இருந்து உன் நோட்டில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடி." பொதுவாகச் 'சரிபாருங்கள்' என்றால் ஊர்க்கதை பேசுவார்கள். முதல் நாள்களில் பேசாமல் நிற்பது நமக்குத்தான் கஷ்டம், 2 நிமிடம் மிக நீளமாகத் தோன்றும்.

பாட அளவு குறையுமே என்ற கவலை நியாயமானது. முதல் மாதத்தில் எனக்கு மூன்று பாடவேளைகள் கூடுதலாகப் போயின. பிறகு சொல்லி எழுத வைக்கும் நேரம் முழுக்க மிச்சமானதால், காலாண்டுத் தேர்வுக்குள் அது ஈடாகிவிட்டது.

## நோட்டுத் திருத்தும்போது

42 நோட்டையும் முழுக்கப் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம், மூன்று கேள்விகள். இடப்பக்கத்தில் இருப்பது கேள்வியா, தலைப்பா? கட்டத்தில் இருப்பது சொல்லா, பத்தியா? 'நான் கண்ட ஒழுங்கு' வாக்கியம் இரண்டு வரிசைகளைச் சேர்க்கிறதா, ஒரு கட்டத்தைத் திருப்பிச் சொல்கிறதா? கையெழுத்துக்கும் கலர் பேனாவுக்கும் இங்கே மதிப்பெண் வேண்டாம். ஐந்து வண்ணத்தில் எழுதும் பிள்ளை எந்த வண்ணம் எதற்கு என்று யோசிப்பதில் நேரத்தைச் செலவிடுகிறது. அடித்தல் திருத்தல் இருக்கும் பக்கமே பெரும்பாலும் நல்ல பக்கம். அதைத் திரும்ப அழகாக எழுதச் சொல்லாதீர்கள். ஃபேர் நோட்டு வேண்டும் என்று பள்ளி கேட்டால், கட்டத்தையே ஃபேர் நோட்டாக வைக்கச் சொல்லிவிடலாம்.

பெற்றோர் சிலர் வந்து "நோட்டுல ஒண்ணுமே எழுதலையே டீச்சர்" என்பார்கள். பக்கங்கள் குறைந்திருப்பது அவர்களுக்குப் பயத்தைத் தருகிறது. அவர்கள் முன்னாலேயே வலப்பக்கத்தை மூடி, பிள்ளையிடம் இடப்பக்கத்துக் கேள்விகளில் மூன்றைக் கேட்டுக் காட்டுகிறேன்.

மெதுவாக எழுதுபவர்களுக்கும் எழுத்துச் சிரமம் உள்ளவர்களுக்கும் இந்த நான்கு வாரக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு ஆண்டு முழுக்கப் பாதி நிரப்பிய தாள் கொடுக்கிறேன். கட்டத்தில் ஒரு சொல் எழுதினாலும் கேள்வியைக் கண்டுபிடிக்கும் வேலை நடக்கிறது.

வாரம் ஒருமுறை 5 நிமிடத் தேர்வு வைத்து, அதில் சொந்தக் குறிப்பை மட்டும் பார்க்க அனுமதித்தேன். புத்தகமும் கைடும் கிடையாது. கேள்விகள் எல்லாம் இரண்டு வரிசைகளைச் சேர்த்தால்தான் விடை வரும்படியானவை. தன் குறிப்பில் என்ன குறை என்பதை ஒரு மாணவர் தானே கண்டுகொள்ள இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை.

நான்காம் வாரம் வெறும் தாள் கொடுத்தது விலங்குத் திசுக்கள் பாடத்துக்கு. தசைகளுக்கு எல்லோரும் கட்டம்தான் போட்டார்கள். மேலே எலும்புத் தசை, மென்தசை, இதயத் தசை. இடப்பக்கத்தில் 'வரி உண்டா?', 'நம் விருப்பப்படி இயங்குமா?', 'எங்கே இருக்கிறது?'. இதயத் தசைக்கான பத்தியை நிரப்பிக்கொண்டிருந்த பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "டீச்சர், இதுல ஏதோ தப்பா இருக்கு. வரி இருக்கிறதுல எலும்புத் தசை மாதிரி இருக்கு. ஆனா நம்ம பேச்சைக் கேக்காததுல மென்தசை மாதிரி இருக்கு. இது எந்தப் பக்கம்?"

தப்பு இல்லை, அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவன் குனிந்து 'நான் கண்ட ஒழுங்கு' என்ற இடத்தில் எழுதத் தொடங்கினான்.